கேமரா சமையலறையில், குரல் ஹாலில்: வீடு சுற்றிக்காட்டும் வீடியோவுக்கு ஸ்கிரிப்டைத் திருத்துவது எப்படி?

கேள்வி: விற்பனைக்கு இருக்கும் ஒரு வீட்டைச் சுற்றிக்காட்டும் வீடியோவுக்கு நான் குரல் கொடுக்கிறேன். வீடியோ 2 நிமிடம் 10 வினாடி. ஸ்கிரிப்ட் தரகர் கொடுத்தது. கேமரா சமையலறைக்குப் போன பிறகும் நான் ஹாலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், கடைசி அறைகளுக்கு நேரமே மிஞ்சுவதில்லை. இன்னும் வேகமாகப் படித்தால் சரியாகிவிடுமா? இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஆகாது. வேகமாகப் படித்தால் ஹால் பத்தி சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். உங்கள் ஸ்கிரிப்டில் ஹாலுக்கு அடுத்து பெரிய படுக்கையறை வருகிறது; வீடியோவில் சாப்பாட்டு இடமும் சமையலறையும் வருகின்றன. எந்த வேகத்தில் படித்தாலும் இந்த இரண்டும் ஒன்றுசேராது.

இது வீடியோவுக்காக எழுதிய ஸ்கிரிப்டே இல்லை. விளம்பரக் கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டியது. கையேட்டில் ஆளை இழுக்கிற அறையை முன்னால் போடுவார்கள். கேமரா பிடிக்கிறவரோ கதவு இருக்கிற வரிசையில்தான் நடக்க முடியும். சில தரகர்கள் ஒரே ஸ்கிரிப்டில் அறைகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால், இந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்துகிற வாக்கியம் எத்தனை என்று தேடிப் பாருங்கள். உங்களுடையதில் ஒன்றுகூட இல்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதித் தருகிறவர்கள் இன்னும் மோசம். நீட்டி முழக்கினால் அவர்களுக்கு லாபம், மூச்சு வாங்குவது நீங்கள்.

முதல் வேலையாக ஸ்கிரிப்டை மூடி வையுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டி, கேமரா ஒவ்வொரு வாசலையும் தாண்டுகிற வினாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லை, செல்போனில் ஓடும் கடிகாரமே போதும். தெரிந்தால், பிரீமியரிலும் டாவின்சி ரிசால்விலும் M விசையைத் தட்டினால் அந்த இடத்தில் அடையாளம் விழும். உங்கள் வீடியோவில் நான் குறித்தது இது:

0:00 வெளிக்கதவு
0:06 ஹால்
0:31 சாப்பாட்டு இடம்
0:44 சமையலறை
1:02 நடைவழி
1:08 பொதுக் குளியலறை
1:12 சின்ன படுக்கையறை
1:28 பெரிய படுக்கையறை
1:52 அதன் குளியலறை
1:57 பால்கனி, 2:10 வரை

இனி உங்கள் ஸ்கிரிப்டுக்கு இதுதான் எலும்புக்கூடு. தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வினாடியும் படத்தில் தெரிவதும், வலப்பக்கம் பேச்சு. இடப்பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் வலப்பக்கம் எதையும் எழுதக் கூடாது.

அடுத்து, எவ்வளவு பேசலாம் என்ற கணக்கு. நிமிடத்துக்கு 150 சொல் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் 'ஒட்டியிருக்கிறது' என்பது ஒரே சொல், ஆனால் வாயில் அது எடுத்துக்கொள்கிற நேரம் பெரிது. நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டித்தான் வரும். எதற்கும் ஒரு நிமிடம் படித்துப் பார்த்து, உங்களுடைய எண்ணிக்கை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் 420 சொல். 100 சொல் கணக்கில் அது 4 நிமிடத்துக்கு மேல் ஓடும். 2 நிமிடம் 10 வினாடியில் இடைவெளியே விடாமல் பேசினாலும் 216 சொல்தான் அடங்கும். கால்வாசி நேரமாவது அமைதிக்கு விட வேண்டும் என்பதால், 160-ஐத் தாண்டாதீர்கள்.

ஹாலில் நடந்ததைப் பாருங்கள். முன்னுரை 20 சொல், அதற்கு 12 வினாடி. ஹால் பத்தி 70 சொல், அதற்கு 42 வினாடி. ஆக, ஹால் முடியும்போது மணி 0:54. கேமராவோ 0:44-க்கே சமையலறைக்குள் போய்விட்டது. ஹாலை விட்டது 0:31-க்கே, ஆகவே இந்த இருபத்துமூன்று வினாடிக் கடன் அடுத்தடுத்த அறைகளில் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தப் பத்தி இப்படித் தொடங்குகிறது: "விசாலமான, காற்றோட்டம் மிகுந்த, கலைநயத்துடன் வடிவமைக்கப்பட்ட இந்த வரவேற்பறை உங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சியான தருணங்களுக்கு..." இதில் பார்க்கிறவருக்குத் தெரியாத தகவல் எதுவும் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு, கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஜன்னல் கிழக்கு பார்த்தது, ஹால் 12-க்கு 18 அடி என்று அவர் சொன்னால், இப்படி எழுதலாம்:

0:07, வாசலைத் தாண்டியதும்: "உள்ளே வந்ததும் ஹால்."
0:11, கேமரா வலப்பக்கம் திரும்பும்போது: "வலப்பக்கம் முழுச் சுவருக்கும் ஜன்னல். கிழக்கு பார்த்தது, காலை வெயில் இங்கே விழும்."
0:20, எதிர்ச்சுவர் முழுதாகத் தெரியும்போது: "அகலம் பன்னிரண்டு அடி, நீளம் பதினெட்டு அடி."

எழுபது சொல் பத்தொன்பது ஆகிவிட்டது. பேச்சு 12 வினாடிதான், மீதி நேரம் பார்க்கிறவர் பார்க்கட்டும். எண்ணை எழுத்தில் எழுதியதைக் கவனித்தீர்களா? '12' என்று இருந்தால் படிக்கும்போது ஒரு நொடி தடுமாறும். சோபா, திரைச்சீலை எல்லாம் வேண்டாம். விற்பனையில் சேராத சாமானைப் புகழ்ந்தால், வாங்குகிறவர் அதுவும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

சாப்பாட்டு இடம், சமையலறை, படுக்கையறைகள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வாசலைத் தாண்டியதும் அறையின் பெயர், அப்புறம் கேமரா எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றி ஒரு விஷயம், அவ்வளவு போதும். சின்ன படுக்கையறையில் மட்டும் கவனம் தேவை. கேமரா உள்ளே போய், ஜன்னல்வரை நடந்து, அங்கிருந்து திரும்பி அலமாரியைக் காட்டுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் "வலப்பக்கம் அலமாரி" என்று இருக்கிறது. உள்ளே நுழையும்போது அது வலம், திரும்பியபின் திரையில் அது இடப்பக்கம் தெரிகிறது. கேமரா இப்படி வந்த வழியைப் பார்த்துத் திரும்புகிற அறையில் இடம் வலம் என்ற பேச்சே வேண்டாம். "கதவை ஒட்டி அலமாரி", "கட்டிலுக்கு எதிரே ஜன்னல்" என்று அசையாத ஒன்றை வைத்துச் சொல்லுங்கள்.

குரல் படத்துக்கு முந்தக் கூடாது என்பதில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, உங்களுக்கு அது இரண்டு இடத்தில் தேவைப்படும். பொதுக் குளியலறைக்குக் கிடைப்பது 4 வினாடி, அதாவது ஆறு சொல். உள்ளே போனபின் ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் கேமரா வெளியே வந்துவிடும். அதனால் 1:05-க்கு, நடைவழியில் நடக்கும்போதே, "இது பொதுக் குளியலறை" என்று சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் "ஜன்னல் வெளிப்புறச் சுவரில்" என்பதுபோல ஒரு துண்டு போதும். பேர் முன்னால் வந்து அறை பின்னால் வந்தால் பார்க்கிறவர் காத்திருப்பார், அது தப்பாகத் தெரியாது. அறை போனபிறகு பேர் வந்தால், எதைச் சொல்கிறார்கள் என்று திரையில் தேடுவார்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அந்தக் கதவு ஏற்கெனவே படத்தில் தெரிய வேண்டும். 1:05-க்குத் தெரிகிறது, 1:03-க்குத் தெரியவில்லை, ஆகவே 1:03-க்கு ஆரம்பிக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு கதவு தெரிந்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று குழம்பும். ஒன்று படத்தை விட்டு நகரும்வரை பொறுங்கள். மூன்று வினாடிக்கு மேலும் முந்தாதீர்கள். பெரிய படுக்கையறையின் குளியலறைக்கு 5 வினாடி இருக்கிறது, அங்கேயும் இதே ஏற்பாடு. பால்கனிக்கு மட்டும் இதைச் செய்யவே வேண்டாம். வெளிக்காட்சி திறக்கும்போது ஒன்றரை வினாடி சும்மா இருங்கள். முன்கூட்டியே "அழகான காட்சி" என்று சொன்னால் அந்த 13 வினாடியும் வீண்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி வீடியோக்களை பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில்தான் எடுப்பார்கள், அதில் எல்லா அறையும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதன்மேல் நீங்களும் "விசாலமான" என்று சொன்னால், நேரில் வந்து பார்க்கிறவர் முதலில் கோபித்துக்கொள்வது உங்கள் குரலைத்தான். ஆகவே அந்தச் சொல்லுக்குப் பதில் அளவைச் சொல்லுங்கள். தரகர் தருகிற அளவு சுவருக்கு உள்ளேயா, சுவரின் கனத்தையும் சேர்த்தா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அளவுநாடாவைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணையே விட்டுவிடுங்கள்.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறைத்து அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒப்புதலுக்குப் போகும். வீடியோவைப் பார்க்காத நாலு பேர் அதை வெறும் தாளில் படிப்பார்கள். ஆளுக்கொரு அடைமொழி சேர்ப்பார்கள், ஒருவர் நீச்சல் குளத்தை விட்டுவிட்டீர்களே என்பார், எல்லாம் சேர்ந்து பழையபடி 400 சொல்லாகத் திரும்பி வரும். இந்த ஒப்புதல் முறையைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. அதனால் தாளை அனுப்பாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு, செல்போனில் உங்கள் குரலைச் சுமாராகப் பதிந்து, இரண்டையும் ஒட்டி அனுப்புங்கள். ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் எந்த வினாடியில், எதை எடுத்துவிட்டு என்று கேளுங்கள். நீச்சல் குளம் படத்திலேயே இல்லை, அதை 0:00-லிருந்து 0:06-க்குள் சொல்ல முடிந்தால் சொல்லலாம், முடியாவிட்டால் எழுத்தாகத் திரையில் போடச் சொல்லுங்கள்.

"குரலுக்கு ஏற்ற மாதிரி வீடியோவை இழுத்துக்கொடுக்கிறேன்" என்று எடிட்டர் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடந்துபோகிற காட்சியை மெதுவாக்கினால் மின்விசிறியும் திரைச்சீலையும் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசையும், அல்லது படம் ஒரு சுவரில் உறைந்து நிற்கும். முக்கியமாக, படத்தொகுப்பு இறுதி என்று அவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே கடைசிப் பதிவைச் செய்யுங்கள். ஹாலில் அவர் 3 வினாடியை வெட்டினால், அதற்குப் பின்னால் உங்கள் தாளில் இருக்கிற எல்லா நேரமும் 3 வினாடி முன்னால் வந்துவிடும், பதிவை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

பதிந்தபின், வீடியோவைக் கண்டபடி பத்து இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் முன் கடைசியாகக் கேட்ட பெயர்ச்சொல் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது படத்தை விட்டுப் போய்விட்டிருந்தால் அந்த வாக்கியத்திலிருந்து இரண்டு சொல்லை எடுங்கள். இன்னும் வரவில்லை என்றால், நான் சொன்ன குளியலறை விலக்கில் அது அடங்காத பட்சத்தில், வாக்கியத்தை ஒரு வினாடி தள்ளிவையுங்கள்.