60 நாள் கடன்: யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது?

கேள்வி: சார், ஈரோட்டில் விசைத்தறி டவல், பெட்ஷீட் தயாரித்து ஜவுளிக் கடைகளுக்கு அனுப்புகிறேன். மாதம் 20 லட்சம் விற்பனை, 30 நாள் கடன். வெளியே நிற்கும் பாக்கி 28 லட்சம். நூல், நெசவுக்கூலி, சாயம், தையல், லாரி வாடகை, கமிஷன் எல்லாம் போக நூற்றுக்கு 18 ரூபாய் நிற்கிறது. கட்டட வாடகை, சம்பளம் அதிலிருந்துதான். வருடத்துக்கு 1.2 லட்சம் அளவுக்கு வராமல் போகும். பேங்கில் சிசி 25 லட்சம், 11% வட்டி, கிட்டத்தட்ட முழுவதும் எடுத்தாயிற்று. 60 நாள் கொடுத்தால் தெற்கே புதுக் கடைகள் பிடித்து மாதம் 4 லட்சம் கூட்டித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். பழைய கடைக்காரர்களும் 60 நாள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: புதுக் கடைகளுக்கு மட்டும் 45 நாள் என்று கூட்டிக் கொடுக்கலாம். பழைய கடைகளுக்கு வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி 60 நாள் என்று அறிவித்தால் விற்பனை கூடும், கையில் நிற்பது குறையும். உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கொடுப்பது 30 நாள் கடன் இல்லை. மாதம் 20 லட்சம் விற்று 28 லட்சம் வெளியே நிற்கிறது என்றால், பணம் சராசரியாக 42 நாளில்தான் வருகிறது. பில்லில் 30 என்று போட்டு 42-ல் வாங்குகிறவர், 60 என்று போட்டால் 60-ல் வாங்கப் போவதில்லை. கெடு தேதி தாண்டிய பிறகுதான் நம்மூர்க் கடைகளில் பணம் எடுத்து வைக்கவே ஆரம்பிப்பார்கள். அதனால் 75 நாள் என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது இரண்டரை மாத விற்பனை வெளியே நிற்கும்.

சரி, வரவு என்ன? ஏஜென்ட் சொன்னபடி மாதம் 4 லட்சம் கூடினால் வருடத்துக்கு 48 லட்சம். அதில் நூற்றுக்கு 18 வீதம் 8.64 லட்சம். இங்கே நிகர லாப விகிதத்தைப் போடக்கூடாது. கூடுதல் 4 லட்சத்துக்காக வாடகையோ மேஸ்திரி சம்பளமோ கூடப்போவதில்லை என்றால் 18-ம் அப்படியே உங்களுக்குத்தான். தறி போதாமல் வெளியே கூடுதல் கூலிக்கு நெய்ய வேண்டி வந்தால் மட்டும் அந்த 18 குறையும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செலவு. பாக்கி 28 லட்சத்திலிருந்து 60 லட்சமாகும் (24 லட்சம் விற்பனை, இரண்டரை மாதம்). கூடுதல் 32 லட்சம். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதில் 22 லட்சம் பழைய கடைகளின் பாக்கி ஏறியதால் வந்தது. அவர்கள் ஒரு டவல்கூடக் கூடுதலாக வாங்கவில்லை, ஏற்கெனவே வாங்குவதற்கே பணத்தைத் தள்ளிக் கொடுக்கிறார்கள். இந்த 22 லட்சம் இப்போதைய ஏற்பாட்டில் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய பணம், அதனால் முழுத் தொகைக்கும் வட்டி கணக்கிட வேண்டும். புதுக் கடைகளின் 10 லட்சம் பாக்கியில் உங்கள் கையிலிருந்து போனது 82 சதவீதம்தான், அதாவது 8.2 லட்சம், மீதி இன்னும் வராத லாபம், அதற்கு நீங்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கூடுதல் உற்பத்திக்கு நூலும் தயார்ச் சரக்குமாக ஒரு 3 லட்சம் முடங்கும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 33 லட்சம் புதிதாகத் திரட்ட வேண்டும். ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை. கடைக்காரர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும், ஆகவே தேவை இதைவிடச் சற்று அதிகம்தான்.

இந்த 33 லட்சம் எங்கிருந்து வரும்? பாக்கி கூடினால் பேங்க் லிமிட்டைக் கூட்டித் தரும் என்று பலரும் நினைக்கிறார்கள். தரும், ஆனால் முழுதாகத் தராது. மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கடன் பாக்கியில் மார்ஜின் என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள், 90 நாளைத் தாண்டிய பில்களைப் பொதுவாகக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் (உங்கள் சாங்ஷன் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்). சராசரியே 75 நாள் என்றால் கணிசமான பில்கள் 90-ஐத் தாண்டியிருக்கும். பாக்கி ஏறும் அதே நேரத்தில் பேங்க் எடுக்கவிடும் தொகையான டிராயிங் பவர் அந்த அளவுக்கு ஏறாது. பேங்க் 19 லட்சம் கூட்டித் தந்தது என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு 11 சதவீதத்தில் 2.09 லட்சம். மீதி 14 லட்சத்தை வெளியில் ரெண்டு வட்டிக்கு எடுத்தால் 3.36 லட்சம். சொந்தப் பணம் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு வட்டி போடுங்கள். அது வேறு எங்காவது சம்பாதித்துக்கொண்டிருக்கும் பணம்தானே. மொத்த வட்டி 5.45 லட்சம்.

அப்புறம் வாராக்கடன். இப்போது விற்பனையில் அரை சதவீதம் போகிறது. கெடுவை நீட்டினால் பழைய கடைகளிலேயே இது ஒரு சதவீதமாகலாம், ஏனென்றால் கஷ்டத்தில் இருக்கும் கடைக்காரர் விழுவதற்கு முன் உங்களிடம் இரண்டு லாட்டுக்குப் பதில் நான்கு லாட் வாங்கியிருப்பார். புதுக் கடைகளுக்கு நான் 4 சதவீதம் போடுவேன். 60 நாள் கிடைத்தால்தான் வாங்குவேன் என்கிறவருக்கு 30 நாளில் கொடுக்கும் மில்காரர் ஏன் சரக்கு நிறுத்தினார் என்று நமக்குத் தெரியாது. ஆக பழையதில் 1.2 லட்சம் கூடுதல், புதியதில் 1.92 லட்சம், மொத்தம் 3.12 லட்சம். வசூலுக்குத் தெற்கே போய் வர ஓர் ஆள், பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1.8 லட்சம்.

கூட்டினால் 10.37 லட்சம் செலவு, 8.64 லட்சம் வரவு. வருடத்துக்கு 1.73 லட்சம் கையை விட்டுப் போகிறது. முழுப் பணத்தையும் பேங்கே 11 சதவீதத்தில் கொடுத்தால்கூட 9 ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சும். 33 லட்சத்தை வெளியே விட்டு 9 ஆயிரம்! ரெண்டு வட்டிக் கடனும் சேர்ந்த நிலையில் எல்லாருக்கும் 60 நாள் கொடுத்து நட்டமில்லாமல் தப்பிக்க வேண்டுமானால் ஏஜென்ட் மாதம் 4 இல்லை, ஐந்தரை லட்சம் கூட்டித் தர வேண்டும்.

இப்போது பழைய கடைகளை 30 நாளிலேயே விட்டுவிட்டு, புதுக் கடைகளுக்கு மட்டும் நீட்டிப் பாருங்கள். திரட்ட வேண்டியது 11.2 லட்சம்தான். அதை முழுக்க ரெண்டு வட்டிக்கே எடுத்தாலும் வட்டி 2.69 லட்சம், வாராக்கடன் 1.92, வசூல் ஆள் 1.8. மொத்தம் 6.41 லட்சம். 2.23 லட்சம் மிஞ்சுகிறது. அதே சரக்கு, அதே ஏஜென்ட், அதே நாள் கணக்கு. பழைய கடைகளின் 22 லட்சத்தைத் தொடாமல் விட்டதுதான் வித்தியாசம்.

பழைய கடைக்காரர்கள் விடமாட்டார்கள், தெரியும். 60 நாள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்த பில்லுக்கு விலையை இரண்டரை சதவீதம் ஏற்றிச் சொல்லுங்கள். 42 நாள் 75 ஆனால் கூடுதல் 33 நாள். ரெண்டு வட்டியில் அதற்கு 2.2 சதவீதம் ஆகிறது, அதையும் கொஞ்சம் ரிஸ்க்கையும் சேர்த்தால் இரண்டரை. பெரும்பாலானோர் விலையைக் கேட்டதும் பழைய கெடுவுக்கே திரும்பிவிடுவார்கள். மாறாக, 30 நாளில் தந்தால் தள்ளுபடி என்று ஆரம்பிக்காதீர்கள். இப்போதே ஒழுங்காகத் தருகிற கடைகளும் அந்தக் கழிவைப் பிடித்துக்கொள்ளும்.

60 வேண்டாம், 45 என்று சொன்னதற்குக் காரணம் சட்டம். அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை விற்பனையும் இரண்டரைக் கோடி வரை முதலீடும் இருந்தால் குறு நிறுவனம், நீங்கள் அதற்குள் தாராளமாக வருவீர்கள். பதிவு இல்லை என்றால் இந்த வாரமே ஆன்லைனில் செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைக்காரரிடம் போய் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 2023 பட்ஜெட்டில் வந்த வருமான வரி 43பி(எச்) விதி நன்றாக வேலை செய்கிறது: கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாக அவர் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் கடைகளில் மார்ச் மாதம் ஆடிட்டரே போன் போட்டு உங்கள் பாக்கியைக் கட்டச் சொல்வார். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். ஆனால் ஒன்று, இது உற்பத்தியாளருக்கும் சேவை தருகிறவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தச் சலுகை இல்லை.

ஏஜென்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். சரக்கு போனதும் கமிஷன் என்றால் அவர் கடைகளைப் பிடிப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். பணம் வந்த பிறகுதான் கமிஷன், 75 நாள் தாண்டினால் பாதி என்று எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் தயங்கினால் அந்த 4 லட்சத்தின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு புதுக் கடைக்கும் முதலில் ஒரே ஒரு பில் அளவுக்கு எல்லை வையுங்கள், 50 ஆயிரம் போதும். ஒரு லட்சம் ரூபாய் பில் வராமல் போனால் 82 ஆயிரம் அடக்கமும் 5 ஆயிரம் ஜிஎஸ்டியும் போகிறது. புத்தகத்தில் தள்ளுபடி எழுதினால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்ப வராது. அந்த 87 ஆயிரத்தை மீட்க இன்னும் கிட்டத்தட்ட 5 லட்சத்துக்கு விற்க வேண்டும். சரிகிற கடையைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை: பில் தொகையைக் கொடுக்காமல் 10 ஆயிரம், 15 ஆயிரம் என்று முழு எண்ணில் போட ஆரம்பிப்பார், செக்கை இந்த வாரம் போடாதீர்கள் என்பார், அதே போனில் அடுத்த ஆர்டரும் சொல்வார், அதுவும் வழக்கத்தைவிடப் பெரியதாக.

புதுக் கடைகளின் பாக்கியைத் தனி லெட்ஜர் குரூப்பாக வையுங்கள். 45 நாள் கெடுவுக்கு 60 நாளில் வந்தால் மாதம் 4 லட்சத்துக்கு 8 லட்சம்தான் நிற்க வேண்டும். நான்காவது மாத முடிவில் அது 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால் பழைய பில் வராத கடைகளுக்கு அடுத்த பண்டலைக் கட்டவே வேண்டாம், ஏஜென்ட் எவ்வளவு சொன்னாலும்.