ஊசி போட்டபின் அம்மாவுக்குத் தசை கரைகிறதா?

“அம்மாவுக்கு 58 வயது. எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியில் மூன்று மாதத்தில் 82 கிலோவிலிருந்து 74. பசியே இல்லை, நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுகிறார். கொழுப்புதானே குறைகிறது? (ஈரோடு)”

கொழுப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. எழத் தடுமாறுவது தசையும் போவதற்கான அறிகுறி.

சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி அரிசிம்பருப்பு சாதம், இரவு ஒரு டம்ளர் பால் என்றால் புரதம் 20 கிராமைத் தாண்டாது. இவருக்குத் தினம் 75 கிராமாவது வேண்டும். கொள்ளு ரசத்தை நம்ப வேண்டாம். புரதம் வெந்த கொள்ளில்தான் தங்கிவிடுகிறது. பசியுள்ள வேளையில் முட்டை (ஒன்றில் 6 கிராம்), கோழி, பனீர், தயிரை முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோறு.

பக்கத்தில் ஒருவர் நிற்க, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, முடியாவிட்டாலோ தசை பலம் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். வீட்டு எடைக்கருவி காட்டும் தசை சதவீதம் உடல் நீரைப் பொறுத்து மாறும்.

சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்த 75 பொருந்தாது, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தபின்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும். வாந்தி இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைப்பார்கள்.