மக்கள் அடர்த்திக்கு எந்த உலக வரைபடம்?

"ஒரு புள்ளிக்கு ஒரு லட்சம் பேர் என்று உலக மக்கள் அடர்த்தி வரைபடம் செய்தேன். மெர்கேட்டரில் வட ஐரோப்பா ஆளில்லாத இடம் போலத் தெரிகிறது. சமப்பரப்பு புரொஜெக்‌ஷன்களில் எதை எடுப்பது, எதில் என்ன கெடும்?"

ஈக்வல் எர்த் எடுங்கள். QGIS-ல் அதன் எண் EPSG:8857.

60 டிகிரி அட்சரேகையில் மெர்கேட்டர் பரப்பை நான்கு மடங்காக்கிவிடும். சதுர கிலோமீட்டருக்கு 100 பேர் வாழும் 10,000 சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் புள்ளி. பூமத்திய ரேகையில் அவை ஒரு சதுர சென்டிமீட்டரில் அடங்கினால், 60 டிகிரியில் அதே பத்தும் நான்கு சதுர சென்டிமீட்டரில் சிதறிக் கிடக்கும். நீங்கள் பார்த்த வெறுமை இதுதான்.

சமப்பரப்பில் இந்தப் பிழை இல்லை, ஆனால் வடிவம் கெடும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருக்கித்தானே பரப்பைக் காப்பாற்ற முடியும்? கால்-பீட்டர்ஸ் 45 டிகிரியில் மட்டும் சரியான வடிவம் காட்டும். பூமத்திய ரேகையில் ஒரு வட்டம் அகலத்தைப் போல் இரு மடங்கு உயரமான முட்டையாகிவிடும். 60 டிகிரியில் அதே முட்டை படுத்துக்கொள்ளும். புள்ளிக் கணக்கு சரிதான், ஆனால் வெப்பமண்டல ஊர்க்கூட்டம் எல்லாம் செங்குத்துக் கோடுகள் போலத் தெரியும். அதனால் நான் இதைத் தவிர்ப்பேன்.

மோல்வைடில் அந்த முட்டையின் உயரம் அகலத்தைப் போல் சுமார் 1.23 மடங்கு, ஈக்வல் எர்த்தில் சுமார் 1.35. ஆப்பிரிக்காதான் உங்கள் கதை என்றால் மோல்வைடு நல்லது. ஆனால் அதில் துருவம் ஒரே புள்ளி. அலாஸ்காவும் கிழக்கு சைபீரியாவும் நெருக்குண்டு சாயும். ஈக்வல் எர்த்தில் துருவம் ஒரு கோடு என்பதால் அந்த நெருக்கம் குறைவு. நியூசிலாந்து அதிலும் சாயத்தான் செய்யும்.

சரி, புரொஜெக்‌ஷனை மாற்றினால் மட்டும் போதாது. புள்ளிகளை எப்போது தூவினீர்கள்? நாட்டு எல்லை மெர்கேட்டரில் இருக்கும்போதே தூவியிருந்தால், வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் வடபகுதிக்கே அதிகப் புள்ளி விழுந்திருக்கும். கனடாவை ஒரே பலகோணமாக வைத்தால், 50 டிகிரியைவிட 70 டிகிரியில் அதே உண்மைப் பரப்புக்குச் சுமார் மூன்றரை மடங்கு புள்ளிகள்! எல்லைக் கோப்பு வெறும் டிகிரியில் இருந்தாலும் கிட்டத்தட்ட இரு மடங்கு. அப்புறம் ஈக்வல் எர்த்துக்கு மாற்றினாலும் அந்தப் புள்ளிகள் தவறான இடத்திலேயே நிற்கும். முதலில் எல்லைக் கோப்பை EPSG:8857-ல் தனியாகச் சேமியுங்கள். திரையில் மாற்றிக் காட்டுவது மட்டும் போதாது. பிறகு அதற்குள் புதிதாகத் தூவுங்கள். அப்போதும் கனடாவின் ஆளில்லா வடக்கில் புள்ளிகள் நிற்கும், ஏனென்றால் நாட்டு மொத்தத்தைச் சமமாகப் பரப்பியிருக்கிறீர்கள். அதைத் தீர்க்க மாகாண, மாவட்ட அளவிலான எண்ணிக்கை வேண்டும்.