பிளேட்லெட் குறைவு: ஸ்மியரில் அப்படி என்ன தெரியும்?

"வயது 34. வழக்கமான பரிசோதனையில் பிளேட்லெட் 38,000 என்று வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. டாக்டர் 'ஸ்மியர் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்கிறார். இயந்திரமே எண்ணிக் கொடுத்த பிறகு, ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன புதிதாகத் தெரியப் போகிறது?"

அந்த 38,000 உண்மையா என்பதே தெரியும். உங்களைப் போல எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு இவ்வளவு குறைவாக வந்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது எண்ணிக்கையின் மீதுதான்.

பெரும்பாலான இயந்திரங்கள் ரத்த அணுக்களை நுண்துளை ஒன்றின் வழியே ஒவ்வொன்றாக அனுப்பி, மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கின்றன. மாற்றத்தின் அளவை வைத்து அணுவின் பருமனைக் கணக்கிடுகின்றன. மிகச் சிறியதாக இருந்தால் பிளேட்லெட், அதைவிடப் பெரியதாக இருந்தால் சிவப்பணு. இங்கே அணுவின் உருவத்தை யாரும் பார்ப்பதில்லை. முப்பது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த முப்பதும் கணக்கில் விடுபட்டுப் போகும். போதாததற்கு, அந்தத் திரளை ஒரு வெள்ளையணு என்று எண்ணிவிடவும் கூடும்.

ஒட்டிக்கொள்வது ஏன்? ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் போனதும் பிளேட்லெட்டின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் உருமாறுகிறது. சிலருடைய ரத்தத்தில் அந்த மாறிய வடிவத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவைதான் பிளேட்லெட்டுகளைக் கோத்துவிடுகின்றன. இது நடப்பது குழாய்க்குள்தான், உடம்புக்குள் அல்ல. குழாயில் ரத்தம் இருக்க இருக்க, எண்ணிக்கை இன்னும் இறங்கும்.

உங்களுடையதைப் போன்ற ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். பிளேட்லெட் 38,000, வெள்ளையணு 12,400. தகட்டில் ரத்தத்தை இழுத்துப் பரப்பும்போது பெரிய பொருள்கள் எல்லாம் இறகு போல மெலிந்து முடியும் கடைசி விளிம்புக்குத்தான் இழுபட்டுப் போகும். அதனால் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் அந்த விளிம்பைப் பார்ப்போம். நேராக நடுப்பகுதிக்குப் போனால் திரள்களைத் தவறவிடலாம். பிளேட்லெட் குறைவுதான் என்று கையெழுத்தும் போட்டுவிடலாம். நம் ஆளின் தகட்டில், விளிம்பில் கத்தரிப்பூ நிறத்தில் குருணை குருணையாகப் பிளேட்லெட் கூட்டங்கள். இடையில் ஃபைப்ரின் இழை தெரிந்தால், ரத்தம் எடுக்கும்போதே லேசாக உறைந்துவிட்டது என்று பொருள். அது வேறு கதை, மறுபடி எடுத்தால் போதும்.

இழை இல்லை, சரி. அடுத்து சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து உடனே இயந்திரத்தில் ஓட்டுகிறோம். பிளேட்லெட் 1,91,000 என்று வருகிறது. அந்தக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்தோடு ஒரு பங்கு திரவம் சேர்வதால், 1.1 ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 2,10,000. வெள்ளையணுவும் 7,400 ஆக இறங்கி, பெருக்கினால் 8,140. புதிய தகட்டில் 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைப் புலத்துக்குச் சராசரி 13 பிளேட்லெட். ஒன்றுக்கு 15,000 என்று தோராயமாக வைத்தால் 1,95,000. இரண்டும் ஒத்துப்போகின்றன. இவருக்கு நோயே இல்லை. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஸ்டீராய்டு வரை போயிருக்கும். சிலருக்கு சிட்ரேட்டிலும் திரளும் என்பதால், அந்தக் குழாயின் தகட்டையும் பார்க்காமல் விடக்கூடாது.

திரள் எங்குமே இல்லாமல் எண்ணிக்கை நிஜமாகவே குறைந்திருந்தால், தகட்டில் வேறு தடயங்களைத் தேடுவோம். சிவப்பணு அளவுக்குப் பெரிய பிளேட்லெட்டுகள் நிறைய இருந்தால் பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம். இயந்திரம் அவற்றையும் விட்டுவிட்டிருக்கும். சிவப்பணுக்கள் தொப்பி போலவும் கொம்பு முளைத்தது போலவும் துண்டுபட்டுக் கிடந்தால் அப்புறம் அன்றே ஓட வேண்டியதுதான்: நுண்ணிய ரத்தக்குழாய்களில் அடைப்பு விழும் டிடிபி போன்ற நோயாக இருக்கலாம், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. முதிராத வெள்ளையணுக்கள் தென்பட்டால் லுகேமியாவை நினைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பிளேட்லெட் மட்டும் குறைவாக இருந்தால், காரணத்தை ஸ்மியரால் சொல்ல முடியாது. வேறு பரிசோதனைகள் தேவை.

உங்கள் அறிக்கையின் ஓரத்தில் PLT Clumps? என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். சில இயந்திரங்கள் சந்தேகப்பட்டால் இப்படிக் குறிக்கும். குறிக்காமல் விடுவதும் உண்டு. திரள்தான் என்று உறுதியானால், அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊதா மூடிக் குழாயில் எடுத்தாலும் அதே 38,000 வரலாம்.