பெந்தெகொஸ்தே: ஐம்பதாம் நாளை எண்ணும் முறை

கேள்வி: 2026-இல் ஏப்ரல் 5 ஈஸ்டர். அதனுடன் ஐம்பது நாளைக் கூட்டினால் மே 25, திங்கள் வருகிறது. சபை நாட்காட்டியில் பெந்தெகொஸ்தே மே 24, ஞாயிறு என்றிருக்கிறதே? மேலும், உயிர்த்தெழுந்த அன்றே இயேசு சீஷர்கள்மேல் ஊதிப் பரிசுத்த ஆவியைக் கொடுத்திருக்க, ஐம்பதாம் நாளில் புதிதாக என்ன நடந்தது?

பதில்: நாட்காட்டி சரியே. ஈஸ்டரை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். திருச்சபையோ ஈஸ்டர் ஞாயிறையே முதல் நாளாகக் கொள்கிறது. அப்படி எண்ணினால் ஏப்ரலில் 26 நாட்களும் மே மாதத்தில் 24 நாட்களுமாக ஐம்பது நிறைகிறது. இம்முறை லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது: கதிர்க்கட்டைப் படைக்கும் நாளிலிருந்து ஏழு வாரங்களை முழுமையாக எண்ணி, ஏழாம் ஓய்வுநாளின் மறுநாளாகிய ஐம்பதாம் நாளில், கோதுமை அறுவடையின் முதற்பலனாக இரண்டு அப்பங்களைப் படைக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்த யூதப் பண்டிகைக்குக் கிரேக்கம் பேசிய யூதர்கள் இட்ட பெயரே, 'ஐம்பதாவது' என்று பொருள்படும் பெந்தெகொஸ்தே. சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய அன்று எருசலேமில் பல நாட்டு யூதர்கள் கூடியிருந்ததற்கும் இப்பண்டிகையே காரணம். ஜூலியன் நாட்காட்டிப்படி ஈஸ்டரைக் கணக்கிடும் கீழைத் திருச்சபைகளுக்கு இவ்வாண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12 என்பதால், அவர்களுடைய பெந்தெகொஸ்தே மே 31-இல் வருகிறது.

இரண்டாவது கேள்விதான் ஆழமானது. யோவான் 20:22-இல் இயேசு ஊதியதையடுத்து வரும் வசனம் பாவமன்னிப்பைப் பற்றியது. அதைக் கவனித்த திருச்சபைத் தந்தையாகிய யோவான் கிறிசோஸ்தோம், 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் ஆற்றிய மறையுரையில், பாவங்களை மன்னிக்கும் அருளையே சீஷர்கள் அப்போது பெற்றார்கள் என்றும், அற்புதங்களைச் செய்யும் வல்லமையை அன்று பெறவில்லை என்றும் விளக்கினார். யோவான் நற்செய்தியின் காட்சி அதை ஒத்தே இருக்கிறது: ஆவியைப் பெற்ற பின்னும், எட்டு நாள் கழித்து, அவர்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டே வீட்டினுள் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் 2-இலோ பலத்த காற்றின் முழக்கமும் அக்கினிமயமான நாவுகளும் தோன்றியபின், பேதுரு எழுந்து கூட்டத்தின் முன் பேச, ஏறக்குறைய மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஊதியபோது மூடிய அறைக்குள் சீஷர்களுக்கு வந்த ஆவியானவர், ஐம்பதாம் நாளில் எல்லாருக்கும் முன்பாகச் சாட்சி சொல்லும் பலத்தை அருளினார் என்பதே என் வாசிப்பு. ஆயினும் இந்நாளை ஆவியானவரின் தோற்றமாகக் கருதிவிடக் கூடாது. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே அவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார்.

இவ்விரண்டு பகுதிகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. கத்தோலிக்க வழிபாட்டில் அன்றைய பகல் திருப்பலியில் முதல் வாசகம் அப்போஸ்தலர் 2. நற்செய்தியாக வாசிக்கத்தக்கது நீங்கள் சுட்டிய அதே யோவான் 20. குருவின் திருவுடை அன்று அக்கினி நாவுகளை நினைவூட்டும் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஐம்பது நாட்களாகப் பீடத்தருகே நின்ற பாஸ்கா மெழுகுவர்த்தி, இந்நாள் முடிந்ததும் ஞானஸ்நானத் தொட்டிக்கு அருகே கொண்டுபோய் வைக்கப்படும்.