டான்சில் எடுத்த ஐந்தாம் நாளில் வலி கூடுவது ஏன்?

"என் 7 வயது மகனுக்கு டான்சில் எடுத்து ஐந்து நாளாகிறது. நேற்று முதல் வலி அதிகமாகிவிட்டது, காதும் வலிக்கிறதாம். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கஞ்சிகூட வேண்டாம் என்கிறான். சீழ் பிடித்துவிட்டதா, டாக்டர்?" – வாசகி, ஈசூன்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சீழ் அல்ல. முழங்காலில் அடிபட்டால் பொருக்குக் கட்டுகிறதல்லவா, அதுதான் இது. எச்சிலில் ஊறியே இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. வாய் நாறவும் செய்யும். சுரண்டாதீர்கள். காய்ச்சல் 38.5 டிகிரியைத் தாண்டி இறங்காமல் இருந்தால் மட்டும் அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். வலி முதல் வாரத்தின் பிற்பாதியில் கூடிப் பிறகு தணிவதே வழக்கம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் காதும் வலிக்கிறது.

அவன் சாப்பிட மறுப்பதற்குக் காரணம் வலிதான். எனவே அழுத பிறகு மருந்து கொடுக்காமல், நேரம் பார்த்துக் கொடுங்கள். பாரசிட்டமால் அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகன் 20 கிலோ என்றால் 300 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பாரசிட்டமால் கலந்த வேறு சளி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்து அரை மணி கழித்து உணவை நீட்டுங்கள், விழுங்குவான். ஐபுபுரோஃபென் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே. ஆஸ்பிரினும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் கூடவே கூடாது.

மோரில் கரைத்த குழைந்த சோறு, ஆறிய கஞ்சி, ஐஸ்கிரீம் எல்லாம் சரி. முறுக்கும் ஆரஞ்சுச் சாறும் மிளகு ரசமும் இரண்டு வாரம் காத்திருக்கட்டும். உணவு குறைந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. தொண்டை வறண்டால் வலி இன்னும் கூடும். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பாண்டுங் போன்ற சிவப்புப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வேன். அதைக் குடித்து வாந்தி எடுத்தால் ரத்தமா நிறமா என்று உங்களுக்கே தெரியாது.

நான் அதிகம் அஞ்சுவது ரத்தக்கசிவுக்குத்தான். அந்த வெள்ளைப் படலம் உதிர்வது பெரும்பாலும் 5 முதல் 10ஆம் நாளுக்குள். அதன் அடியில் இருக்கும் ரத்தக்குழாய் அப்போது திறந்துகொள்ளலாம். குழந்தைகள் ரத்தத்தைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுவார்கள். ஆகவே இரவில் அவன் பக்கத்திலேயே படுங்கள். தூக்கத்தில் அடிக்கடி விழுங்குகிறானா என்று கவனியுங்கள். விழுங்கினால் எழுப்பி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். காப்பித் தூள் போன்ற கறுப்பு வாந்தியும் விழுங்கிய ரத்தமே.

புது ரத்தமோ கட்டியோ தெரிந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லித் துப்ப வையுங்கள். உண்ணவும் குடிக்கவும் எதுவும் தராதீர்கள். நிற்காமல் வந்தால் 995ஐ அழையுங்கள். தானாக நின்றுவிட்டாலும் விடியட்டும் என்று இருக்காமல், அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறு கசிவுக்குப் பின் சில மணி நேரத்தில் பெரிய ரத்தப்போக்கு வருவதுண்டு.