நிழலிட்ட பகுதி சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: Z = 3x + 4y-இன் மீப்பெரு மதிப்பு காண வேண்டும். கட்டுப்பாடுகள் x + 2y ≤ 24, 2x + y ≤ 18, x − y ≥ 0, x ≥ 0, y ≥ 0. எனக்கு (4, 10)-இல் 52 வருகிறது, விடை 42 என்று போட்டிருக்கிறது. கோடுகளை மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன், எங்கே தப்பு?

பதில்: கோடுகள் சரியாகத்தான் இருக்கும். x − y ≥ 0-க்கு எந்தப் பக்கம் நிழலிட்டீர்கள் என்று பாருங்கள். 52 வந்திருப்பதால், அந்தக் கோட்டுக்கு மேல்பக்கத்தை எடுத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

முதல் இரண்டு அசமன்பாடுகளுக்கு (0, 0)-ஐப் போட்டுப் பார்த்தால் போதும். 0 ≤ 24, 0 ≤ 18 இரண்டும் உண்மை, அதனால் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் நமக்கு வேண்டியது. ஆனால் x − y = 0 என்ற கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகிறது. அங்கே சோதித்தால் 0 ≥ 0 என்று வரும். அது உண்மைதான், ஆனால் கோட்டின் மேலேயே இருக்கும் புள்ளி எந்தப் பக்கத்தையும் காட்டாது. கோட்டை விட்டு விலகிய ஒரு புள்ளி வேண்டும். (5, 0)-ஐப் போடுங்கள்: 5 ≥ 0, உண்மை. (0, 5)-ஐப் போட்டால் −5 ≥ 0, பொய். ஆக, x அச்சு இருக்கும் கீழ்ப்பக்கம்தான் சரி.

ஒவ்வொரு அசமன்பாட்டுக்கும் தனித்தனியாக நிழலிடாதீர்கள், மூன்றாவது கோடு வருவதற்குள் படம் கருத்துப்போய்விடும். கோட்டின் மேல் வேண்டிய பக்கம் நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் பென்சிலால் போடுங்கள். எல்லா அம்புகளும் ஒத்துப்போகும் இடத்தைக் கடைசியில் ஒரே தடவை நிழலிட்டால் போதும்.

அப்படிச் செய்தால் (0, 0), (9, 0), (6, 6) என்ற முக்கோணம் கிடைக்கும். (4, 10) அதற்கு வெளியே இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்துக் கிடைத்த புள்ளி என்பதாலேயே அது மூலைப்புள்ளி ஆகிவிடாது. மற்ற அசமன்பாடுகளிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே 4 − 10 = −6, சுழியத்தைவிடச் சிறியது. அங்கேயே அது அடிபட்டுப் போகிறது.

அப்புறம், x + 2y = 24 கோடு முக்கோணத்தைத் தொடவே தொடாது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்று மூலைகளிலும் x + 2y முறையே 0, 9, 18 தான், 24-ஐ எட்டுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினாலும் பகுதி மாறாது.

இப்போது Z-இன் மதிப்புகள் 0, 27, 42. சந்தேகம் இருந்தால் (4, 0), (0, 3) வழியாக 3x + 4y = 12-ஐ வரைந்து, மூலைமட்டத்தை வைத்து இணையாக மேலே நகர்த்துங்கள். முக்கோணத்தை அது கடைசியாகத் தொடும் இடம் (6, 6).

பகுதி ஒரு பக்கம் திறந்திருந்தால் மட்டும் இந்த மூலை மதிப்புகளை அப்படியே நம்பக் கூடாது. மூலைகளில் கிடைத்த பெரிய மதிப்பு M என்றால், Z > M ஆகும் புள்ளி ஒன்றாவது பகுதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கணக்குக்கு மீப்பெரு மதிப்பே கிடையாது.